இரவில் வால்பாறை மலைப்பாதை: வளைவுக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். லைசென்ஸ் வாங்கிய எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எந்த இடத்தில் நின்று வழிவிடுவது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பகலில் அதனால் பெரிய தொல்லை வருவதில்லை. எதிரே பஸ் வருவது தூரத்திலேயே தெரிகிறது, ஒதுங்கிக்கொள்கிறோம். இரவில், அதுவும் மூட்டம் இறங்கிய நேரத்தில், கொண்டை ஊசி வளைவின் நடுவில் வைத்துத்தான் பஸ்ஸைப் பார்க்கிறோம் என்றால் அதற்குப் பிறகு ஒதுங்க இடம் இருக்காது. இறங்குகிறவர் வளைவுக்குள் நுழையும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும்.

எதை வைத்து முடிவெடுப்பது என்பதற்கு வால்பாறை சாலையை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை சமதரை. அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 9-வது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை இருக்கிறது. அப்புறம் அட்டகட்டி, கவர்க்கல், கடைசியில் வால்பாறை. எண்ணிக்கையில் கொல்லிமலை இதை மிஞ்சிவிடும்; அங்கே 70 வளைவுகள். ஆனால் ராத்திரி ஓட்டத்தைப் பற்றிப் பேச வால்பாறைதான் பொருத்தம். கீழ்ப்பகுதியில் வானம் தெளிவாக இருக்கும், கவர்க்கலை நெருங்கும்போது கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இருக்காது. ஒரே பயணத்தில் இரண்டு விதமான இரவையும் பார்த்துவிடலாம்.

முதலில் தெளிவான இரவு. கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் ஏன் உதவுவதில்லை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வண்டி 15 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். விளக்கு நேராகத்தான் அடிக்கும், சாலை பக்கவாட்டில் விலகிக்கொண்டே போகும். வண்டிக்கு முன்னால் 9 மீட்டர் தூரத்தில் சாலை 3 மீட்டர் விலகியிருக்கும். அதாவது ஏறக்குறைய ஒரு லேன் அகலம். 12 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் விலகியிருக்கும். பிரைட்டில் போட்டாலும் டிம்மில் போட்டாலும் வெளிச்சம் விழுவது தடுப்புச் சுவரின் மேலும் அதற்கப்பால் உள்ள மரக்கிளைகளின் மேலும்தான். வண்டி போகப்போகிற தார் இருட்டில் கிடக்கிறது. அதனால் வலப்பக்க வளைவில் பழகிய ஓட்டுநர்கள் முன் கண்ணாடியை விட்டுவிட்டு பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வண்டியின் விளிம்பு வெளிச்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் கசியும். அதில் வெள்ளைக்கோடோ ரிஃப்ளெக்டரோ தட்டுப்பட்டால் போதும்.

நம் விளக்கு கைவிடும் இந்த இடத்தில் எதிர் வண்டியின் விளக்கு உதவுகிறது. இரவில் மலைப்பாதை ஓட்டுவது பகலைவிட ஒரு விதத்தில் சுலபம் என்று மலையில் ஓட்டுகிறவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பகலில் திருப்பத்துக்கு அந்தப்பக்கம் வண்டி இருக்கிறதா என்பதை ஹார்ன் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இரவில் வண்டிக்கு முன்னாலேயே அதன் வெளிச்சம் வந்துவிடுகிறது. பாறைச் சுவரில், மரத்தின் அடிப்பகுதியில், வளைவில் நட்டிருக்கும் குவி கண்ணாடியில் ஒரு வெளுப்பு தெரியும். அந்த வெளுப்பு நகர்கிறதா, நிற்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். நகர்ந்தால் வண்டி வந்துகொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் அவர் நமக்காகக் காத்திருக்கிறார், அல்லது பழுதாகி நிற்கிறார். ஆழியாறு பக்கம் உள்ள வளைவுகள் சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால், மேலிருந்து இறங்கும்போது இரண்டு மூன்று வளைவு தள்ளிக் கீழே ஏறிவரும் விளக்கு தெரியும். அது உயரத்தில் இரட்டையாகத் தெரிகிறதா, கூரையிலும் விளக்கு இருக்கிறதா என்று பார்த்தால் காரா பஸ்ஸா என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும். எந்த வளைவில் அதைச் சந்திப்போம் என்பதை அப்போதே கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த வெளுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் நம் விளக்கு டிம்மில் இருக்க வேண்டும். வளைவை நெருங்கும்போது பிரைட்டை விடாமல் போட்டுக்கொண்டு வருகிறவர், எதிர் வண்டி அனுப்பும் ஒரே தகவலைத் தானே அழித்துவிடுகிறார். தூரத்தில் ஒருமுறை பிரைட்டைத் தட்டிவிட்டு உடனே டிம்முக்கு வந்துவிடுவதுதான் சரி. நான் வருகிறேன் என்று சொன்ன மாதிரியும் ஆயிற்று, பதிலைப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் பிரைட் தட்டுவதற்கு நம் ஊரில் பொருள் 'நீ வா' என்பதல்ல. பெரும்பாலும் 'நான் வருகிறேன், நீ நில்' என்பதுதான். எதிரே இருப்பவர் வேறு பழக்கத்தில் வந்தவராக இருந்தால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். வழிவிடுவதைத் தெரிவிக்க வண்டியை முழுதாக நிறுத்தி, டிம்மில் வைத்து, நகராமல் இருப்பதைவிடத் தெளிவான சைகை கிடையாது.

இனி யாருக்கு முதல் வழி என்ற கேள்வி. மலைச் சாலையிலும் செங்குத்தான சாலையிலும் இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க அகலம் இல்லாத இடத்தில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டியைப் போகவிட வேண்டும் என்று இந்தியச் சாலை விதிகள் 1989 முதலே எழுத்தில் சொல்கின்றன. இதை மரியாதை சமாச்சாரமாக நினைப்பவர்கள் பலர். உண்மையில் இது வண்டியின் இயக்கத்திலிருந்து வந்த விதி. பாரத்தோடு ஏறும் பஸ் முதல் கியரில், இன்ஜின் முழு மூச்சில் போய்க்கொண்டிருக்கிறது. அது நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப கிளட்சைத் தேய்க்க வேண்டும், அந்த நொடியில் பின்னால் உருளும். பின்னால் உருளும் வண்டி போகும் திசையை ஓட்டுநரால் பார்க்க முடியாது. இறங்கும் வண்டி நின்றால் பிரேக்கை விட்டதும் தானாக முன்னால் நகரும். அப்படியே ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தாலும், அது மேல்நோக்கிப் போவதால் தடுமாறினால் கண் பார்க்கும் பக்கமாகத்தான் வரும்.

வளைவில் இந்தக் காரணம் இரண்டு மடங்காகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஏறுகிறவருக்கு இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வந்தால் அவர் வளைவின் உள்விளிம்பில் இருக்கிறார். உள்விளிம்பில் தூரம் குறைவு, ஏற வேண்டிய உயரமோ வெளிவிளிம்பில் ஏறுவதேதான். அதனால் அங்கே ஏற்றம் செங்குத்தாகிவிடுகிறது. பஸ்ஸுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்ளே வெட்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 6 மீட்டர் இடைவெளி இருக்கும் வண்டி 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் உள்ளே போகும். வண்டியின் அகலமே இரண்டரை மீட்டர். ஆக அது பிடிக்கிற தடம் 4 மீட்டரைத் தாண்டுகிறது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இன்னும் வெளியே வீசும். எனவே பஸ் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே வலப்பக்கம் அகலமாகப் போய், எதிர் லேனை முழுக்க எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். அவர் உங்கள் பக்கம் வருவதைத் திமிர் என்று நினைத்து ஹார்ன் அடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு வேறு வழி கிடையாது. மலைத்தடங்களில் நீளம் குறைந்த பஸ்களை ஓட்டுவதும் இதனால்தான்.

புதிதாகப் போடும் மலைச்சாலைகளுக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுகள் உண்டு. கொண்டை ஊசியின் உள்ளாரம் குறைந்தது 14 மீட்டர், இருவழி தேசிய, மாநில நெடுஞ்சாலை என்றால் வளைவின் உச்சியில் 11.5 மீட்டர் அகலம், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். தோட்டக் காலத்துப் பாதைகளை அகலப்படுத்திய சாலைகளில் எல்லா வளைவும் இந்த அளவுக்கு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

சரி, இறங்குகிறவர் எங்கே நிற்பது? இதற்கு இருட்டிலும் கைகொடுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. இறங்கும்போது மலைச்சுவர் உங்கள் இடப்பக்கம் இருந்தால், அடுத்து வரும் கொண்டை ஊசி வலப்பக்கம்தான் திரும்பும். பள்ளம் வலப்பக்கம் இருக்கிறது, சாலை கீழே இறங்க அந்தப் பக்கம்தானே திரும்ப வேண்டும். நீங்கள் வலப்பக்கம் திரும்பும் அதே வளைவு ஏறிவரும் பஸ்ஸுக்கு இடப்பக்க வளைவு. அதாவது அவருக்கு முழுச் சாலையும் தேவைப்படுகிற வளைவு. அப்படியானால் மலைச்சுவர் இடப்பக்கம் வந்தாலே, அடுத்த திருப்பத்தில் வெளிச்சம் தெரிந்தால் நான் முன்கூட்டியே நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். நிற்பதற்கும் அங்கே வசதி இருக்கிறது. இடப்பக்கம் சுவர் இருப்பதால் பயமில்லாமல் ஒட்டி நிற்கலாம். சுவரோரம் ஓடும் வடிகாலில் மட்டும் சக்கரம் இறங்கிவிடக் கூடாது.

பள்ளம் இடப்பக்கம் இருந்தால் எதிர்மாறு. அடுத்த வளைவு உங்களுக்கு இடப்பக்கம் திரும்பும், ஏறுகிறவர் வெளி லேனில் அகலமாக வருவார். ஒரு காரும் ஒரு பஸ்ஸும் பல இடங்களில் கடந்துவிடலாம், ஆனால் பஸ்ஸின் பின்பாகம் உள்ளே வெட்டுவது உங்கள் பக்கமாகத்தான். இங்கேயும் வளைவுக்கு முன்னால் நிற்பதே நல்லது, தார் விளிம்பை விட்டு மட்டும் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் பள்ளத்துப் பக்க மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது இருட்டில் தெரியாது. எந்தப் பக்கமானாலும், திருப்பம் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து பஸ்ஸின் நீளத்துக்கு இரண்டு பங்கு தள்ளி நின்றால், அவர் திரும்பி முடித்து வண்டியை நிமிர்த்த இடம் கிடைக்கும். வளைவின் வாயிலேயே நின்றுகொண்டு வழிவிட்டேன் என்று சொல்வதில் பயனில்லை. அவர் உங்களைச் சுற்ற முடியாமல் ஏற்றத்திலேயே நின்றுவிடுவார்.

இப்போது மூட்டம். மலைப்பாதையில் பார்ப்பது பெரும்பாலும் மேகமேதான். ஈரக்காற்று சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது, சாலை அந்த உயரத்துக்கு ஏறியதும் நாம் அதற்குள் போய்விடுகிறோம். அதனால் அது சமவெளிப் பனிமூட்டம் மாதிரி மெல்ல அடர்வதில்லை. ஒரு திருப்பம் வரை தெளிவாக இருக்கும், திரும்பினால் ஒன்றும் தெரியாது. காற்று அடிக்கும் பக்கத்தில் அடர்த்தியாகவும், மலைமுனையைச் சுற்றி மறுபக்கம் வந்தால் மெலிந்தும் இருக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கவர்க்கல் பகுதியில் பகலிலேயே இப்படித்தான்.

மூட்டம் செய்யும் பெரிய கெடுதல் பார்வைத் தூரத்தைக் குறைப்பது மட்டுமல்ல, எதிர் விளக்கின் திசையை அழிப்பதும்தான். தெளிந்த இரவில் பாறையில் விழுந்து நகர்ந்த அந்த வெளுப்பு, மூட்டத்தில் எல்லாப் பக்கமும் பரவி ஒரே பால் நிறமாகிவிடுகிறது. வண்டி கீழே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, நிற்கிறதா, வருகிறதா என்று சொல்ல முடியாது. அங்கே எஞ்சுவது காதும் வேகமும்தான். பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால், முதல் கியரில் உறுமி ஏறும் பஸ்ஸை வெளிச்சத்துக்கு முன்பே கேட்டுவிடலாம். வளைவுக்கு முன் ஹார்னை ஒருமுறை நீளமாக அடித்துவிட்டு, பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். விடாமல் அடித்துக்கொண்டே போனால் எதிர் ஹார்ன் காதில் விழாது.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் வண்டி நிற்க 20 மீட்டர் வேண்டும் என்று சாலை வடிவமைப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் 4 மீட்டர் அளவுதான். மீதியில் பெரும்பகுதி ஓட்டுநர் பார்த்து, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் இரண்டரை நொடியில் கழிந்துவிடும். ஆகவே பிரேக் நன்றாக இருக்கிறது என்ற தைரியம் இங்கே செல்லாது. இன்னொன்றும் இருக்கிறது: எதிரே வருகிறவருக்கும் நிற்க இடம் வேண்டும். பார்வை 20 மீட்டர் என்றால் அதில் பாதிதான் உங்களுடையது. 10 மீட்டரில் நிற்க வேண்டுமானால் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது கொஞ்சம் வேகமாக நடப்பதைவிடச் சற்றுக் கூடுதல். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

விளக்கைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன, இரண்டும் தவறு. மஞ்சள் விளக்கு மூட்டத்தைத் துளைக்கும் என்பது ஒன்று. மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனி விளக்கு உதவுவது அது பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்தப்பட்டு, மேல்பக்கம் வெட்டப்பட்ட அகலமான ஒளியைத் தரையோடு வீசுவதால்தான். கண்ணுக்கு நேரே உள்ள துளிகளில் அதன் வெளிச்சம் அவ்வளவாகப் படாது. பிரைட்டில் போட்டால் நேர்மாறாக நடக்கும்: உங்கள் வெளிச்சமே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். இரண்டாவது, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று தெரியாது, திரும்புவதைக் காட்டவும் உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது. டிம்மும் பனி விளக்கும் போட்டால் போதும். அப்புறம், முன் கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காற்றில் வியர்த்திருப்பதை மூட்டம் என்று நினைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் வழியே சாலை தெரிந்தால், ஏசியைப் போட்டு காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டியதுதான்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு சந்திப்பை நடத்திப் பார்ப்போம். இரவில் அட்டகட்டியிலிருந்து ஆழியாறு நோக்கிக் காரில் இறங்குகிறீர்கள். 20 மீட்டர்தான் தெரிகிறது. ஏறும்போது போட்ட அதே இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர், பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொடுகிறீர்கள். இடப்பக்கம் சுவர். ஆகவே அடுத்த வளைவு வலப்பக்கம், பஸ் வந்தால் அதற்கு முழுச் சாலை வேண்டும். வளைவு எண் பலகை தெரிந்ததும் ஹார்ன் அடிக்கிறீர்கள். கீழிருந்து கனமான ஹார்ன் பதில் சொல்கிறது, மூட்டம் கொஞ்சம் வெளுக்கிறது. எவ்வளவு தூரம் என்று ஊகிக்க முயல வேண்டாம். அங்கேயே சுவரை ஒட்டி நின்று, டிம்மை அணைக்காமல், ஹேண்ட் பிரேக் போடுங்கள். வெளுப்பு வலப்பக்கமிருந்து வீசி, இரண்டு விளக்காகப் பிரிந்து, உங்கள் லேனுக்குள் வந்து, திரும்பி, கடந்து போகும். கடந்ததும் கிளம்பக் கூடாது. பஸ்ஸின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலைந்து வண்டி வரும், மூட்டத்தில் எப்போதும் அப்படித்தான். அவர்கள் யாரும் சாலையைப் பார்த்து ஓட்டுவதில்லை, முன்னால் உள்ள சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டுகிறார்கள்.

நீங்களே அந்த வரிசையில் ஏறுகிறவராக இருந்தால், பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் போனால் பஸ் பின்வாங்கித்தான் மறுபடி திரும்பும். அதற்கு இடம் வேண்டும். ரிவர்ஸ் விளக்கு எரிந்த பிறகு ஹார்ன் அடிப்பதைத் தவிர உங்களால் அப்போது எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் உங்கள் பின்னாலும் ஒருவர் ஒட்டிக்கொண்டிருப்பார்.

ஏறுகிறவரின் உரிமைக்கு ஒரு விலக்கு வைத்துக்கொள்வது நல்லது. இறங்கிவருவது பாரம் ஏற்றிய லாரி, அதன் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வருகிறது, வேகம் அடங்காமல் வருகிறது என்றால் நின்று வழிவிட அதனால் முடியாமல் போகலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். விதி உங்கள் பக்கம் என்றாலும், காரில் ஏறுகிற நீங்கள் ஒதுங்கிவிடுவதுதான் அறிவு. காட்டுமாட்டுக்கும் இதேதான். கறுத்த உடம்பு, மூட்டத்தில் பத்து மீட்டர் வரை தெரியாது, சாலையை விட்டுப் போகும் அவசரமும் அதற்கு இல்லை. ஹார்ன் அடிக்காமல், டிம்மில் நின்று காத்திருக்க வேண்டும்.

பத்து மீட்டர்கூடத் தெரியவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்தலாம். ஆனால் சாலையில் நிற்கக் கூடாது. காட்சிமுனையோ கடைவாசலோ, தாரை முழுதாக விட்டு விலகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அங்கே நின்றதும் ஹெட்லைட்டையும் பின்விளக்கையும் அணைத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பி நேராக வந்துவிடலாம். நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டிய இடம் இதுதான். மேகம் நகரக்கூடியது, காற்று கொஞ்சம் மாறினால் அடுத்த வளைவின் எண் பலகை தெரிய ஆரம்பித்துவிடும். தெரிந்த பிறகு கிளம்பலாம்.